நாலாயிரம் தானேன்னு நினைச்சோம்

பையன் பத்தாவது போறான், படிக்க ஒரு ரூம் வேணும்.
இப்ப இருக்குற சைதாப்பேட்டை ஒரு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை 14,000. பெருங்களத்தூர்ல ரெண்டு பெட்ரூம், 18,000.

நாலாயிரம் தானே கூடன்னு கிளம்பிட்டோம். ராத்திரி உக்காந்து எழுதிப் பாத்தேன்.

மெயின்டனன்ஸ் 1,500. இங்க அது இல்ல.
ஆபீஸ் இன்னும் தூரமாகுது. தினம் 30 கிலோமீட்டர் கூட ஓட்டணும். பெட்ரோலுக்கே மாசம் 1,500.
தண்ணி கேனுக்கு 500.
ரெண்டாவது ரூம்ல ஃபேன், லைட்டு. கரண்டுக்கு இன்னொரு 500 வச்சேன். ரெண்டு மாச ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிட்டா கீழ் ஸ்லாப் ரேட்டும் ஏறிடும், அதனால இது குறைஞ்சபட்சம்தான்.

ஆக, நாலாயிரம் இல்ல. எட்டாயிரம்.

இப்ப மாசக் கடைசில மிஞ்சுறது 11,000. அங்க போனா 3,000. ஸ்கூல் ஃபீஸ் வர்ற மாசம் அதுவும் இருக்காது.

பெரிய இடி அட்வான்ஸ்தான். பத்து மாச வாடகை, 1,80,000. பழைய வீட்டு அட்வான்ஸ் 70,000, சாவி குடுத்தப்புறம் பெயின்டிங் காசு பிடிச்சுட்டுத்தான் வரும். புது வீட்டுக்கு மொத்தமா முன்னாடியே கட்டணும். நடுவுல வட்டிக்கு வாங்கினா அந்த 3,000மும் போச்சு.

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேற ஒப்பந்தம் இல்லன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கூடாதுங்குது. ஓனர்கிட்ட கேட்டேன், முடியாதுன்னுட்டார்.

இந்த வீடு வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்.
ஆனா பையனுக்கு ரூம் வேணும்.

தாம்பரத்துக்கு இந்தப் பக்கம், ஸ்டேஷன் பக்கத்துல, மூணு மாச அட்வான்ஸ்ல வீடு இருந்தா சொல்லுங்களேன்?