"பரவாயில்லை" என்று எழுதாத பதில்

எங்கள் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு முன்னர் சொந்தக்காரர், அயலவர் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்குவார்கள். "ஏதும் குத்தம் குறை இருந்தாப் பொருந்திக்கங்க" என்பார்கள். "பொருந்திக்கிட்டம், எங்களுக்கும் துஆச் செய்ங்க" என்று பதில் வரும். அந்தக் கேள்வியும் பதிலும் இலகுவானவை. ஏனென்றால் பெரும்பாலும் இரண்டு பேருக்கும் நடுவில் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்படி ஒன்று இருக்கும்போதுதான் பதில் எழுதக் கை வருவதில்லை.

எனக்கும் என் தோழிக்கும் நடுவில் அப்படி ஒன்று வந்தது. அவள் பெயரை எழுதவில்லை. ஆனால் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வாப்பாவின் சிறிய புடவைக் கடை நட்டத்தில் போய்க்கொண்டிருந்த காலம். இரசாயனவியல் ரியூசனை நான் நிறுத்திவிட்டேன். காரணத்தை அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் அதை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு கிழமைக்குள் வகுப்பில் காசு சேர்த்து, ஒரு கடித உறையில் போட்டு, இடைவேளையில் என் கையில் தந்தார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் நின்றார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல் இருந்தது. உறையை வகுப்பாசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவு உம்மாவின் வட்ஸ்அப்புக்கு அவளுடைய செய்தி வந்தது. "நீ எனக்கு மட்டும் எண்டு சொன்னத நான் மூணு பேருக்குச் சொல்லிட்டன். உன்னட்டக் கேக்காமச் சொன்னது பிழை. உதவி செய்யத்தான் சொன்னன் எண்டு சாட்டுச் சொல்ல மாட்டன். இனிமே கதைக்க வேணாமெண்டு அந்த மூணு பேருட்டயும் சொல்லிட்டன். என்னப் பொருந்திக்க. பதில் உடனே தேவல்ல."

உண்மையான மன்னிப்பு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். "உனக்கு நொந்திருந்தா" என்ற "இருந்தா" இதில் இல்லை. செய்தது இன்னதென்று பெயர் சொல்லியிருந்தாள். தன்னால் சரிசெய்ய முடிந்ததைச் செய்துவிட்டுத்தான் எழுதியிருந்தாள். அதனால்தான் எனக்குக் கஷ்டமாகிப் போனது. சாட்டுச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு படுத்திருக்கலாம். இப்போது கோபம் போய்விட்டது, நோவு மட்டும் அப்படியே கிடந்தது.

"பரவாயில்ல" என்றுதான் விரல் முதலில் எழுதியது. எழுதியதும் அழித்தேன். பரவாயில்லை என்றால் நடந்தது ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஒன்றுமில்லாததற்கு மன்னிப்பு எதற்கு? அவள் வெட்கத்தை விட்டு எழுதியதையும் அது சின்னதாக்கிவிடும். கைவிரல் படம் ஒன்றை அனுப்புவதும் அப்படித்தான். பிறகு நீளமாக ஒன்று எழுதினேன். உறை கைக்கு வந்தபோது யார் யார் பார்த்தார்கள், என் தொண்டை எப்படி அடைத்தது என்று எல்லாம் அதில் இருந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் ஏற்கெனவே தலை குனிந்து நிற்கிறவளை மறுபடி உட்கார்த்தி விசாரிப்பது போல இருந்தது. அதையும் அழித்தேன்.

உம்மா பார்த்துக்கொண்டே இருந்தா. "நீ வாசிச்சிட்ட எண்டு அவக்கு நீலக் கோடு காட்டிருக்கும் மகள். அந்தப் புள்ள ராவெல்லாம் முழிச்சிரிப்பா" என்றா.

அப்போதுதான் இஸ்லாம் பாடத்தில் படித்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. ஸஹீஹுல் புகாரியில் வருவது. அபூபக்ர் (ரழி) அவர்களுக்கும் உமர் (ரழி) அவர்களுக்கும் இடையில் ஒருநாள் ஒரு பிணக்கு. அபூபக்ர் (ரழி) அவசரப்பட்டு ஏதோ சொல்லிவிடுகிறார்கள். உடனே வருந்தி, மன்னிக்கும்படி உமர் (ரழி) அவர்களிடம் கேட்கிறார்கள். அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். முழங்கால் தெரியுமளவுக்கு உடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அபூபக்ர் (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைச் சொல்கிறார்கள். அல்லாஹ் உங்களை மன்னிக்கட்டும் என்று நபியவர்கள் மூன்று முறை சொல்கிறார்கள். இதற்குள் உமர் (ரழி) அவர்களுக்கும் மனம் கேட்கவில்லை. அபூபக்ர் (ரழி) அவர்களின் வீட்டுக்குத் தேடிப் போகிறார்கள், அங்கே ஆளில்லை. பிறகு சபைக்கு வருகிறார்கள். நபியவர்களின் முகம் மாறுவதைக் கண்ட அபூபக்ர் (ரழி) பயந்து, முழங்காலிட்டு, அதிகம் பிழை செய்தது நானே என்கிறார்கள்.

பரீட்சைக்காகப் படித்தபோது என் கண்ணில் படாத ஒன்று அன்றிரவு பட்டது. உமர் (ரழி) அவர்களுக்கு நொந்தது பொய்யென்று அந்தச் சம்பவத்தில் யாருமே சொல்லவில்லை. பிழை தன்னுடையதென்று அபூபக்ர் (ரழி) கடைசிவரை சொல்கிறார்கள். மறுத்தவருக்கு மனம் இளகியபோது கேட்டவர் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். நோவு முழுதாக ஆறட்டும், பிறகு பதில் எழுதலாம் என்று நானும் நினைத்திருந்தேன். அது ஆறும்வரை கேட்டவள் வாசலிலேயே நிற்க வேண்டுமா என்ன?

ஒரு முஸ்லிம் தன் சகோதரரை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்ற ஹதீஸும் நமக்குத் தெரிந்ததே. அந்த மூன்று நாள் மனித மனம் தணிவதற்கான சலுகை என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. நோவதற்கு இடமும் உண்டு, அதற்கு ஒரு கெடுவும் உண்டு.

ஆகவே அன்றிரவு ஒரு வரி மட்டும் அனுப்பினேன்: "வாசிச்சன். உன்னோட கோபமில்ல. நாளைக்கு எழுதுறன், நீ படு." மறுநாள் அஸர் தொழுதுவிட்டு மீதியை எழுதினேன்.

"சாட்டுச் சொல்லாம நடந்தத நடந்தபடி எழுதினதுக்கு ஜஸாக்கில்லாஹு ஹைர். எனக்கு நொந்துதான் போச்சு, இன்னும் கொஞ்சம் இரிக்கி. ஆனாலும் உன்னப் பொருந்திக்கிட்டன், அதில மாத்தமில்ல. கொஞ்ச நாளைக்கு வீட்டுக் கத கதைக்காம இரிப்பன், கோபமெண்டு நெனைக்காத. நாளைக்கு பஸ்ஸில எனக்கும் சீட் புடிச்சி வை."

சின்னச் செய்திதான், ஆனால் வரிகளை இரண்டு மூன்று முறை இடம் மாற்றினேன். முதலில் "பொருந்திக்கிட்டன், ஆனா நொந்துதான் போச்சு" என்றுதான் இருந்தது. வாசித்துப் பார்த்தால், கொடுத்ததை "ஆனா" பிடுங்கிக்கொள்கிறது, காதில் கடைசியாக முறைப்பாடுதான் நிற்கிறது. நோவை முன்னால் போட்டு, பொருந்தியதைப் பின்னால் வைத்தபோது இரண்டுமே உண்மையாக நின்றன. நோவைச் சொல்லாமலே விட்டிருக்கலாமே என்று உம்மா கேட்டா. விட்டிருந்தால், அடுத்த நாள் என் முகம் கொஞ்சம் வாடியிருப்பதைக் கண்டு, நான் பொருந்தியது பொய் என்றுதான் அவள் எண்ணியிருப்பாள். வீட்டுக் கதை வரியும் அதற்காகத்தான். மன்னித்த அன்றே பழைய நம்பிக்கையும் திரும்பி வந்துவிடாது. அதைச் சொல்லாமல் நடந்துகாட்டினால் அது தண்டனை மாதிரி இருக்கும். சீட் பிடிக்கச் சொன்னது, அவளுக்கும் செய்வதற்கு ஏதாவது சின்னதாக இருக்கட்டும் என்றுதான்.

அவளுடைய செய்தியை வேறு யாருக்கும் காட்டவில்லை. மற்றத் தோழிகள் கேட்டபோது "நாங்க கதச்சி முடிச்சிட்டம்" என்று மட்டும் சொன்னேன். ஒருத்தி தனியாக எழுதிய மன்னிப்பைப் படம் பிடித்து இன்னொருத்திக்கு அனுப்புவது எவ்வளவு இலகுவாக நடந்துவிடுகிறது!

இரண்டு கிழமைக்குப் பிறகு, நான் போனதும் இரண்டு பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். கிடந்த நோவு மறுபடி எழும்பியது. அவளுக்கு ஏதாவது எழுதலாம் என்று நினைத்து, எழுதாமல் விட்டேன். அது அவள் புதிதாகச் செய்த பிழையல்ல. பழைய கணக்குக்கு நான் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டேன். அன்று மாலை பஸ்ஸில் சும்மா உயிரியல் பாடத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தோம்.

இரண்டு மாதம் கழித்து, வாப்பா கடையை வாடகை குறைந்த ஒரு இடத்துக்கு மாற்றினார். அதை அவளிடம் நானாகவே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இத நான் ஆருக்கும் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"உங்கட உம்மாக்கு மட்டும் சொல்லு, பெருநாள் புடவ எடுக்க வரட்டும்" என்றேன்.