நான் போட்ட பிழை

போன கிழமை உயர்தர ஐ.சி.டி. வகுப்பில், A, B இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் 1 தரும் சுற்றை வரையச் சொன்னேன். என் விடையில் எக்ஸோர் படலைக்குப் பின்னால் ஒரு நொட் படலை. ஒரு பிள்ளை நொட்டை முன்னால், A-யில் மட்டும் போட்டிருந்தாள். பார்த்தவுடன் பிழை போட்டுவிட்டேன்.

"சேர், ரெண்டும் ஒண்டுதானே?" என்றாள்.

பலகையில் எழுதிப் பார்த்தோம். எதையும் 1 உடன் எக்ஸோர் செய்தால் அது தலைகீழாகும். எக்ஸோரில் வரிசையையும் அடைப்பையும் மாற்றலாம். ஆகவே,

```
A' ⊕ B = (A ⊕ 1) ⊕ B
       = (A ⊕ B) ⊕ 1
       = (A ⊕ B)'
```

அது என் விடையேதான்.

"அப்ப ரெண்டிலயும் நொட் போட்டால்?" என்றான் இன்னொருவன். அப்போது இரண்டு 1 வரும்; 1 ⊕ 1 = 0. நொட்டுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, வெறும் A ⊕ B மிஞ்சும். A=0, B=0 கொடுத்தால் வேண்டியது 1, வருவது 0. வேறு சுற்று என்று காட்ட இந்த ஒரு வரிசை போதும். ஒரே சுற்று என்று சொல்லத்தான் நான்கு வரிசையும் வேண்டும், அல்லது மேலே செய்த மாதிரி அட்சரகணிதம் வேண்டும்.

ஆனால் நொட்டை இப்படி நகர்த்துவது அன்ட் படலையில் சரிவராது. அதே 0, 0 கொடுத்தால் A'B = 0, (AB)' = 1.

பிள்ளையின் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய கொப்பிகளையும் எடுத்து வைத்திருக்கிறேன், திரும்பத் திருத்த.