பை இருக்கிறதா, எங்கே கையொப்பமிடுவது?

கொஞ்சம் நீண்ட பதிவு. கோச்சியில் சாமான் விட்டுவிட்டு வந்தவர்கள், இனி விடப் போகிறவர்கள் எல்லாரும் வாசியுங்கள். பலர் இன்பொக்ஸில் கேட்டதால் ஒரே தடவையில் எழுதிவிடுகிறோம்.

சென்ற மாதம் உம்மாவையும் கூட்டிக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனோம். இரவு ரயில். கொழும்புக்குச் சற்று முன்னாலேயே விடியற்காலை இறங்கிவிட்டோம். உம்மாவை மெதுவாக இறக்குவதிலேயே எங்கள் இருவரின் கவனமும் இருந்தது. முச்சக்கர வண்டியில் ஏறிப் பாதி தூரம் போன பிறகுதான் மேல் தட்டில் வைத்த கறுப்புப் பை இல்லை என்பது தெரிந்தது. அதற்குள் ரயில் கொழும்பு போய்ச் சேர்ந்திருக்கும்.

பையில் காசு ஒன்றும் இல்லை. தரம் 10 பிள்ளைகளின் 38 தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் இருந்தன, பாதி திருத்தியது, பாதி திருத்தாதது. (கலியாண வீட்டில் திருத்தலாம் என்று கொண்டுபோனது யாருடைய யோசனை என்று இங்கே எழுத வேண்டாம் என எங்களுக்குள் ஒப்பந்தம்.) கூடவே உம்மாவின் கிளினிக் கொப்பி. மூன்று வருட மருந்து விபரம், சீனி அளவு எல்லாம் அதில்தான். அடுத்த கிளினிக் பத்து நாளில்.

தொலைபேசியில் கேட்டபோது, தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் அறையில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் அதற்குள் ஊர் திரும்பிவிட்டோம். புறக்கோட்டையில் வேலை செய்யும் மருமகன் போய் வாங்கினான். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம், சிங்களப் படிவம் மட்டும்தான் இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினான். அந்த அறையின் வட்ஸ்அப் இலக்கத்தையும் வாங்கியிருந்தான். எந்த நிலையம் என்று இங்கே சொல்லவில்லை, அங்கிருந்தவர் எங்களுக்கு நல்லவராகவே நடந்துகொண்டார்.

கலாசாலையில் இருந்த காலத்தில் சிங்களமும் ஒரு பாடமாகப் படித்தோம். எழுத்துக் கூட்டி வாசிப்போம். ஆனால் அலுவலகச் சிங்களம் என்று வந்தால் வாய் வாசிக்கும், மனத்தில் ஒன்றும் ஏறாது. ஆகவே போனில் இருக்கும் மொழிபெயர்ப்பில் அந்தப் படத்தைப் போட்டோம். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பயணம் செய்த திகதி, பொருளின் விபரம், பெறுமதி என்று வரிசையாகத் தமிழில் வந்தது. ஒன்பதாவது வரி, அதாவது கடைசி வரி, இப்படி வந்தது: மேற்படி பொருட்களைப் பெறுவதற்காகக் கையொப்பம்.

சரிதானே, விண்ணப்பம் செய்பவர் இடும் கையொப்பம் என்று நினைத்தோம். பேனையும் எடுத்தாயிற்று. உம்மாதான் பக்கத்தில் இருந்து, "ஏன் மகன், சாமானக் காணாம கையெழுத்து வெக்கிற?" என்று கேட்டார். அவருக்கு ஒரு எழுத்தும் சிங்களம் தெரியாது. சங்கக் கடையில் நிவாரணம் எடுத்த காலத்துப் பழக்கம் அது, நிறுத்துப் போட்ட பிறகுதான் கூப்பனில் அடையாளம் வைக்க விடுவார்.

அதன்பிறகு மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மருமகன் அவசரத்தில் கவுண்டரில் வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில், சரிவாகப் பிடித்திருந்தான். படிவத்தின் வலது ஓரம் கடைசி இரண்டு வரிகளில் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு சொல் பாதியில் நின்றது. எழுத்துக் கூட்டினால் "பாரக" என்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். தமிழைப் போலவே சிங்களத்திலும் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வரும். யார், எது, எப்போது என்பதெல்லாம் முன்னால் வந்துவிடும். நடந்துவிட்டதா, நடக்கப் போகிறதா, நடக்கவே இல்லையா என்பது கடைசிச் சொல்லின் கடைசி எழுத்துகளில்தான் இருக்கும். "பாரகெனீமட்ட" என்றால் பொறுப்பேற்பதற்கு. "பாரகத்தெமி" என்றால் பொறுப்பேற்றுக்கொண்டேன். முன்பாதி ஒன்றேதான். வலது ஓரம் வெட்டுப்பட்டால் போவது அந்தப் பின்பாதி. மொழிபெயர்ப்பு அங்கே வெற்றிடம் விட்டு, இந்தச் சொல் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நமக்கும் விளங்கியிருக்கும். அது அப்படிச் செய்யவில்லை, மீதியைத் தானே இட்டு நிரப்பி ஒழுங்கான ஒரு தமிழ் வசனத்தைத் தந்தது. வசனம் அழகாக இருந்ததால்தான் நாங்கள் சந்தேகப்படவில்லை. மங்கலாக வந்த வேறொரு வரி அரைகுறைத் தமிழில் வந்தது, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மருமகனிடம் மறுபடி படம் கேட்டோம். இந்த முறை சொல்லிக் கொடுத்தோம்: மடிப்பை நீவி மேசையில் வை, ஜன்னல் வெளிச்சத்தில் எடு, போனை நேரே மேலே பிடி, படிவத்தின் மேல்பாதி ஒரு படம், கீழ்ப்பாதி ஒரு படம், நான்கு ஓரமும் தெரிய வேண்டும். இரண்டாம் படத்தில் ஒன்பதாம் வரி முழுதாக வந்தது: மேற்படி பொருட்களைச் சரிபார்த்துப் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

அது விண்ணப்பக் கையொப்பம் இல்லை, பற்றுச்சீட்டுக் கையொப்பம். அதில் கையெழுத்து வைத்து அனுப்பியிருந்தால், பையைக் கண்ணால் காண்பதற்கு முன்பே வாங்கிவிட்டதாக எங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பிறகு பை இல்லை என்றாலோ, கொப்பி குறைகிறது என்றாலோ கேட்க வாய் இருக்காது. அந்த அறையில் யாரும் ஏமாற்றுவார்கள் என்று சொல்லவில்லை. ஆள் மாறினால் பேப்பரில் இருப்பதுதான் பேசும்.

அடுத்தது செய்தி எழுதுவது. முதலில் தமிழில் எழுதியது ஒரு கடிதம் மாதிரி இருந்தது. கலியாணம், உம்மாவின் முழங்கால், பிள்ளைகளின் எதிர்காலம், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று போன் திரை இரண்டு தடவை உருட்ட வேண்டிய நீளம். அதைச் சிங்களத்துக்கு மாற்றி, மாற்றியதை மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்து பார்த்தோம். இந்த வேலையைக் கட்டாயம் செய்யுங்கள், இரண்டு நிமிடம்தான். "நான்காவது பெட்டியில் பையை விட்டுவிட்டோம்" என்று நாங்கள் எழுதியது, எங்களிடம் நான்கு பெட்டிகள் இருந்தது போலவும் அதில் ஒன்றுக்குள் பையை வைத்தது போலவும் திரும்பி வந்தது. தமிழில் ரயிலுக்கும் பெட்டி, சாமானுக்கும் பெட்டி. அந்த அறைக்காரர் பாவம், நான்காவது பெட்டியைத் தேடியிருப்பார்.

எங்கள் பாடசாலையில் இரண்டாம் மொழி சிங்களம் படிப்பிக்கும் சேரிடம் காட்டினோம். அவர் பெட்டியை எடுத்துவிட்டு "மெதிரிய" என்று போட்டார். பிறகு கதையை எல்லாம் வெட்டினார். "அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பை வரும் தெரியுமா டீச்சர்? அவர் புத்தகத்தில தேடுறதுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் குடுங்க" என்றார்.

அவர் சொன்னதில் இன்னொன்று எங்களுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. இரவு ரயிலுக்கு இரண்டு திகதி. நாங்கள் ஏறியது வெள்ளி 14, பை கண்டெடுக்கப்பட்டிருந்தால் அது சனி 15. நாங்கள் 14 என்று மட்டும் எழுதினால், அவர் 14ஆம் திகதிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று பதில் போடுவார். அவர் பொய் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தில் உண்மையாகவே இருக்காது.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:

"வணக்கம் சேர். 14ஆம் திகதி வெள்ளி இரவு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு, 15ஆம் திகதி சனி காலை கொழும்பு வந்த ரயிலில் ஒரு பையைத் தவறவிட்டோம். கறுப்புப் பை, இரண்டு தோள் வார், முன் ஸிப்பில் சிவப்பு நூல் கட்டியுள்ளது. உள்ளே பாடசாலை விடைத்தாள்களும் ஒரு கிளினிக் கொப்பியும் உள்ளன. பணம் இல்லை. 1. இந்தப் பை உங்களிடம் உள்ளதா? 2. படிவத்தின் 9ஆம் வரியில் பையைப் பார்த்துப் பெற்ற பின்னர் கையொப்பமிடலாமா? 3. எங்கள் உறவினர் எங்கள் கடிதத்துடன் வந்து எடுக்கலாமா?"

மேலே தமிழ், கீழே அதன் சிங்களம், அதற்கும் கீழே ஒன்பதாம் வரியைச் சிவப்பால் வட்டமிட்ட படம். தமிழை ஏன் வைத்தீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அதிகாரி ஒருவருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் அதே மொழியில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. சிங்களத்தைச் சேர்த்தது பை சீக்கிரம் கிடைப்பதற்காக. தமிழை வைத்ததற்கு உரிமை மட்டும் காரணமில்லை. சிங்களத்தில் பிழை இருந்தால் நாங்கள் உண்மையில் என்ன சொன்னோம் என்பது அதே செய்தியில் இருக்கும்.

இரண்டு விஷயத்தை வேண்டுமென்றே எழுதவில்லை. அடையாள அட்டையின் படம் அனுப்பவில்லை, பை இருக்கிறது என்று தெரியாமல் அதற்குத் தேவையில்லை. மற்றது, கிளினிக் கொப்பியின் அட்டைக்குள் உம்மா செருகி வைத்திருக்கும் பழைய பஸ் டிக்கட். அதைச் சொல்லாமல் வைத்தோம். கறுப்புப் பை யாருக்கும் இருக்கும், உடையவர் யார் என்று கேட்டால் சொல்ல நம்மிடம் ஒன்று மிஞ்ச வேண்டும்.

காலையில் அனுப்பியதற்கு மதியம் குரல் பதிவாகப் பதில் வந்தது, உடைந்த ஆனால் தெளிவான தமிழில். "பேக் இருக்கு டீச்சர். சைன் எடுக்கிற நேரம் போட்டா போதும். ஆள் வரலாம், கடிதமும் ஐடி கொப்பியும் வேணும். அந்தக் கொப்பிக்குள்ள வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

பஸ் டிக்கட் என்று எழுதினோம். சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.

மருமகன் வியாழக்கிழமை போய், கவுண்டரிலேயே பையைத் திறந்து 38ஐயும் எண்ணிவிட்டு ஒன்பதாம் வரியில் கையொப்பமிட்டான். இரண்டு தாள்களில் தேநீர் கொட்டிய கறை. அதுவும் ரயிலில் ஆனதில்லை, எங்கள் வீட்டுத் தேநீர்தான். கொப்பி கிளினிக்குக்கு நான்கு நாள் முன்னதாக வந்து சேர்ந்தது. பஸ் டிக்கட் இருக்கிறதா என்பதைத்தான் உம்மா முதலில் பார்த்தார்.