பழைய ஐஸ்பெட்டி

கிள்ளானில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடி. நான்காவது மாடியில் ஒரு சமையலறை, அதற்குள் எட்டுப் பேர். ஐந்தாவது டேக் முடிந்ததும் இயக்குநர், "போதும் லா, சாமான கட்டுங்க" என்றான். எனக்கு இன்னும் ஒரு நிமிஷம் தேவைப்பட்டது. கேட்கவில்லை. பூம் மைக்கை இறக்கிக் கழியை மடக்கிவிட்டேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் செய்யவேண்டியது ரொம்பச் சின்ன வேலை. எல்லாரும் நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்கவேண்டும். யாரும் பேசக்கூடாது. வசனத்தைப் பதிவு செய்த அதே மைக், அதே இடம், அதே ஒலி அளவு. அப்படியே வெறும் அறையை முப்பது விநாடியிலிருந்து ஒரு நிமிஷம்வரை பதிவு செய்துகொள்ளவேண்டும். இதற்கு ரூம் டோன் என்று பேர். சொல்வது சுலபம். களைத்துப்போன எட்டுப் பேரைப் பார்த்து, "ஒன்னும் பண்ணாம ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். யாராவது சிரிப்பார்கள், யாருக்காவது வயிறு கத்தும், மறுபடி முதலிலிருந்து. எனக்கு அது இரண்டாவது படம். பாங்கு சொல்ல இன்னும் சில நிமிஷம்தான் இருந்தது. வெட்கம் வேறு.

படத்தில் ஒரு பாட்டி, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனிடம் போனில் பேசுகிறார். நடித்தவர் நடிகை இல்லை, அந்த வீட்டுப் பாட்டியேதான். இரண்டே வரி. "நீ வர வேணாய்யா." அப்புறம் ஒரு இடைவெளி. அப்புறம், "நான் நல்லாத்தான் இருக்கேன்." முதல் வரி மூன்றாவது டேக்கில் அபாரமாக அமைந்தது, ஆனால் அடுத்த வரி பாட்டிக்கு மறந்துபோனது. ஐந்தாவது டேக்கில் இரண்டாவது வரி அமைந்தது, முதல் வரிமேல் கீழே போன மோட்டார் ஏறிவிட்டது. சரி, மூன்றிலிருந்து ஒன்று, ஐந்திலிருந்து ஒன்று, நடுவில் மேசைமேல் இருக்கும் பாட்டியின் கையைக் காட்டிவிடலாம் என்று முடிவெடுத்தோம். படத்தொகுப்பில் இது தினசரி நடக்கிற விஷயம்.

வீட்டுக்கு வந்து இரண்டு வரியையும் டைம்லைனில் வைத்து, நடுவே மூன்று விநாடி காலியாக விட்டுக் கேட்டேன். முதல் வரி முடிந்ததும் பாட்டி யோசிக்கவில்லை, செத்துப்போனார். அப்படித்தான் இருந்தது. கணினியில் காலி இடம் என்றால் முழுப் பூஜ்யம், அப்படியொரு அமைதி எந்த வீட்டிலும் கிடையாது. ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்தில் கவனிக்காமல் விட்டுவிடும். ஆனால் அது சட்டென்று நின்றால் அந்த நொடியே விழித்துக்கொள்ளும். போனில்கூட இதற்காக ஒரு தந்திரம் உண்டு. எதிர்முனையில் ஆள் பேசாதபோது அந்தப் பக்கத்து இரைச்சலை முழுதும் அனுப்பாமல், நம் பக்கத்திலேயே ஒரு மெல்லிய போலி இரைச்சலை உண்டாக்கிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் லைன் போய்விட்டது என்று நினைத்து 'ஹலோ ஹலோ' என்று கத்த ஆரம்பித்துவிடுவோம்.

காலி இடம் ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை ஐஸ்பெட்டி.

சமையலறையில் படம் எடுத்தால் ஐஸ்பெட்டியை அணைக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவைப்பது பழைய வழக்கம். சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, மறுபடி போட மறக்கவும் முடியாது. நானும் சாவியோடு போனேன். பாட்டி விடவில்லை. "தம்பி, உள்ள இன்சுலின் இருக்குப்பா. அத மட்டும் தொடாதே." அரைமணி நேரத்தில் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். அவருடைய வீடு, அவருடைய மருந்து. விட்டுவிட்டேன்.

ஐஸ்பெட்டியின் மோட்டார் எந்நேரமும் ஓடுவதில்லை. உள்ளே குளிர் போதுமானதும் நிற்கும், சூடு ஏறினால் மறுபடி ஓடும். மூன்றாவது டேக்கில் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது முடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு உதறு உதறி நின்றது. ஐந்தாவதில் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை, காது பழகிவிட்டது. கணினியில் ஸ்பெக்ட்ரோகிராம் போட்டுப் பார்த்தால் அப்பட்டமாகத் தெரிகிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் உறுமல் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் ஒரு பளிச்சென்ற கோடாகவும், அதற்குமேல் மங்கலான சில கோடுகளாகவும் நிற்கும். மூன்றாவது டேக்கில் கோடுகள் இருந்தன. ஐந்தாவதில் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஒரே பாட்டி, ஒரே நாற்காலி, ஆனால் காதுக்கு இரண்டு வீடு.

முதலில் மூன்றாவது டேக்கிலிருந்து உறுமலை நீக்கப் பார்த்தேன். கொஞ்சமாக நீக்கினால் போகவில்லை. அதிகமாக நீக்கினால் பாட்டி வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி ஆனது. அந்தக் குரலில் இருந்த கரகரப்புதான் எங்களுக்கு வேண்டியதே. ஆகவே எதிர்த் திசையில் போகவேண்டும். இரைச்சல் இருக்கும் டேக்கைச் சுத்தமாக்க முடியாவிட்டால், சுத்தமான டேக்கில் அதே இரைச்சலைச் சேர்க்கலாம். அதற்கு ஐஸ்பெட்டி ஓடும் அந்தச் சமையலறை எனக்கு வேண்டும், பாட்டியின் குரல் இல்லாமல். அதாவது நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு நிமிஷம்.

மூன்று வாரம் கழித்து பாட்டி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "வாப்பா, வந்து பாரு." படப்பிடிப்புக்கு வீட்டைக் கொடுத்ததற்காக நாங்கள் கொடுத்த 300 வெள்ளியோடு மகன் மீதியைப் போட்டுப் புது ஐஸ்பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தான். பழையது போய்விட்டது. "சத்தமே இல்ல பாரு," என்று அதன் தலையில் தட்டிக் காட்டினார். நான் என்ன சொல்வது?

வந்ததற்கு இரண்டு நிமிஷம் பதிவு செய்தேன். பாட்டி கட்டிலில் உட்கார்ந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். ஆனால் அது உதவவில்லை. ஐஸ்பெட்டி மட்டும் காரணமில்லை. அன்று எட்டு உடம்பும் எட்டுச் சட்டையும் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. விளக்குகளின் மெல்லிய ரீங்காரம் வேறு. இப்போது காலியான அறை சற்று எதிரொலித்தது. அதனால்தான் ரூம் டோன் எடுக்கும்போது யாரையும் வெளியே அனுப்பக்கூடாது, விளக்கை அணைக்கக்கூடாது என்கிறார்கள். நான் அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். காதால் கேட்டது அன்றுதான்.

மிச்சம் இருந்தது பொறுக்கும் வேலை. ஒவ்வொரு டேக்கிலும் பதிவு தொடங்கியபின் இயக்குநர் "ஆக்‌ஷன்" சொல்லும்வரை சில விநாடி இருக்கும். எல்லாரும் அசையாமல் காத்திருக்கும் நேரம் அது. அதேபோல் வசனம் முடிந்து "கட்" சொல்வதற்கு முன்னால் கொஞ்சம். கேட்டு வாங்காமலே கிடைக்கும் ரூம் டோன். முதல் நான்கு டேக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, துணி உரசல், மூச்சு, நாற்காலி முனகல் எல்லாவற்றையும் தவிர்த்துப் பொறுக்கினேன். பதினொரு துண்டு தேறியது. நீளமானது மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவு, சிறியது அரை விநாடி. ஒன்றின் வால்மேல் அடுத்ததன் தலையை ஏற்றி, ஒன்று தேயத் தேய மற்றது வளரும்படி ஒட்டினேன். வெட்டிய இடத்தில் அப்படியே சேர்த்தால் 'டிக்' என்று கேட்கும். ஒட்டி முடித்தபோது மொத்தம் 12 விநாடி.

அதை ஓடவிட்டுக் கேட்டால், எங்கோ ஒரு பல்லி. ஒரு தடவை கேட்டால் அழகுதான். ஆனால் காட்சியின் நீளத்துக்காக 12 விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டபோது, சரியாக 12 விநாடிக்கு ஒரு தடவை அதே பல்லி அதே மாதிரி கத்தியது. மூன்றாவது தடவையில் அது கடிகாரமாகிவிட்டது. பல்லியை வெட்டினேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். இந்த ஒட்டுத்துணியைக் காட்சி முழுக்க அடியில் விரித்தேன். முதல் வரியில் ஏற்கெனவே அதே ஐஸ்பெட்டி இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, பின்னணி கிட்டத்தட்ட மூன்று டெசிபல் கூடியது. முதல் வரியில் கனமாக இருந்த அறை, அது முடிந்ததும் லேசாகி, நான் மறைக்க நினைத்த வெட்டை நானே காட்டிக்கொடுத்தேன். துணி கிழிந்த இடத்துக்கும் ஐந்தாவது டேக்குக்கு அடியிலும் மட்டும்தான் வேண்டும். ஓரங்களை வசனத்தின் முதல் எழுத்துக்கு அடியில் ஒளித்துவைக்கவேண்டும். குரல் எழும்போது அடியில் நடக்கும் சின்ன மாற்றத்தைக் காது பிடிக்காது.

இயக்குநர் கேட்டுவிட்டு, "மோட்டார் நின்ன சத்தம் ஒன்னு இருக்கே, அத நடுவுல போட்டா என்ன?" என்றான். நான்காவது டேக்குக்குப் பிறகு பதிவான அந்த உதறல். போட்டுப் பார்த்தோம். பாட்டி "நீ வர வேணாய்யா" என்கிறார், ஐஸ்பெட்டி உதறி நிற்கிறது, அறை அமைதியாகிறது, "நான் நல்லாத்தான் இருக்கேன்." தொழில்நுட்பப்படி எல்லாச் சிக்கலும் ஒரே அடியில் தீர்ந்தது, ஒட்டுத்துணியே வேண்டாம். ஆனால் ஐஸ்பெட்டி பாட்டியைவிட அதிகமாக நடித்தது. எடுத்துவிட்டோம்.

கடைசியில் இடைவெளி எவ்வளவு நீளம் என்பது மட்டும் பாக்கி. இரண்டு விநாடியில் பாட்டி சாதாரணமாகப் பேசினார். ஆறில் மகனைக் குத்திக் காட்டினார். மூன்றரையில் நிறுத்தினோம். உண்மையில் எந்த டேக்கிலும் பாட்டி அந்த இடத்தில் நிற்கவே இல்லை. அந்த மூன்றரை விநாடியில் இருப்பது "ஆக்‌ஷன்" சொல்லக் காத்திருந்த எட்டுப் பேரும் ஒரு மோட்டாரும்தான். அதை அவருடைய மனம் என்று விற்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது.

ஒரு பொது மண்டபத்தில் படத்தைப் போட்டோம். பாட்டியை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தோம். அந்த இடம் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். முடிந்து வெளியே வந்ததும் இயக்குநரிடம், "நான் அவ்ளோ நேரம் சும்மாவா இருந்தேன்?" என்று கேட்டார்.

"ஆமா பாட்டி," என்றான் அவன்.

பாட்டி என் பக்கம் திரும்பினார். "தம்பி, அது என் பழைய ஐஸ்பெட்டி சத்தம்தானே?"