முந்நூறில் யாரும் நிற்கவில்லை

லண்டனில் இருந்துகொண்டு அமெரிக்கப் பங்குகளை வைத்திருப்பவருக்கு இரவு என்பது ஒன்பது மணிக்குத் தொடங்கி மறுநாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு முடிவது. நியூயோர்க்கில் மாலை நான்குக்குச் சந்தை மூடும்போது இங்கே ஒன்பது. அங்கே காலை ஒன்பதரைக்கு மறுபடி திறக்கும்போது இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். அந்தப் பதினேழரை மணித்தியாலத்தில் கடை பூட்டியிருக்கிறது, ஆனால் செய்திகள் பூட்டப்படுவதில்லை. அமெரிக்கக் கம்பனிகளில் பெரும்பாலானவை தங்கள் காலாண்டுக் கணக்கை வெளியிடுவதும் சந்தை மூடியிருக்கும் நேரத்தில்தான்.

நான் சில வருடங்கள் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவில் வேலை செய்தேன். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் நம்மவர்கள் அழைத்தால் தொலைபேசி என் மேசைக்கு வரும். வந்த முறைப்பாடுகளில் பாதி கடவுச்சொல் மறந்த கதை. மீதியில் அடிக்கடி வந்தது ஸ்டொப் லொஸ் பற்றியது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: நான் சொன்ன விலைக்கு ஏன் விற்கவில்லை?

அவர்களில் ஒருவரை நான் மறக்கவில்லை. வட லண்டனில் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டாவின் பங்குகள் 100 இருந்தன. பல வருடங்களுக்கு முன் வாங்கியவை. மகள் வீடு வாங்குகிறாள், மார்ச் மாதம் முற்பணம் கட்ட வேண்டும், அதற்காக ஒதுக்கிய காசு அது. 2022 பெப்ரவரி 2ஆம் திகதி பிற்பகல், பங்கு 320 டொலரை ஒட்டி நின்றபோது, 300 டொலரில் ஒரு ஸ்டொப் லொஸ் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். அன்றிரவு கணக்கு வெளிவரும் என்பது அவருக்குத் தெரியும். நல்ல செய்தியென்றால் விலை ஏறும், கெட்ட செய்தியென்றால் 300க்கு விற்றுவிடும், எப்படியும் 30,000 டொலர் கையில் நிற்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

அன்று பங்கு 323.00 டொலரில் மூடியது. சந்தை மூடிய கொஞ்ச நேரத்தில் கணக்கு வந்தது. பேஸ்புக்கை நாளாந்தம் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை அதன் வரலாற்றில் முதல் தடவையாக, முந்தைய காலாண்டைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. அப்பிள் தன் தொலைபேசிகளில் கொண்டுவந்த தனியுரிமை மாற்றத்தால் அந்த ஆண்டு விளம்பர வருமானத்தில் ஏறத்தாழ 1,000 கோடி டொலர் இழப்பு வரலாம் என்று கம்பனியின் நிதி அதிகாரி சொன்னார். சந்தை நேரத்துக்குப் பின் நடக்கும் வியாபாரத்தில் விலை உடனே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. மறுநாள் சந்தை திறந்தபோது முதல் விலை 244.65 டொலர். முடிந்தபோது 237.76. ஒரே நாளில் 23,000 கோடி டொலருக்கு மேல் அந்தக் கம்பனியின் சந்தை மதிப்புக் கரைந்தது. அதுவரை எந்த அமெரிக்கக் கம்பனியும் ஒரே நாளில் அவ்வளவு இழந்ததில்லை.

அவருடைய 100 பங்குகளும் திறந்த சில நொடிகளில் 244க்குப் போயின.

"தம்பி, நான் முந்நூறிலை விக்கச் சொல்லித்தானே போட்டனான்? நீங்கள் இருநூற்றி நாப்பத்திநாலுக்கு வித்திருக்கிறியள். மிச்சக் காசு எங்கை?"

அவர் கோபப்படவில்லை. கடையில் சில்லறை குறைந்தால் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டார். மிச்சம் என்று அவர் சொன்னது 5,600 டொலர். அதை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். அவர் அப்படி நினைத்ததில் நியாயம் இருந்தது, ஏனென்றால் திரையில் அவர் கண்ணால் கண்டு தட்டிய எண் 300.

அவருக்கு நான் விளக்கியது இதுதான். ஸ்டொப் லொஸ் விற்பனை விலை அல்ல. அது ஒரு நிபந்தனை. "விலை 300ஐத் தொட்டால் அல்லது அதற்குக் கீழே போனால், அப்போது கிடைக்கிற விலைக்கு விற்றுவிடு" என்பதே அதன் முழு வாசகம். முதல் பாதியில்தான் எண் இருக்கிறது. இரண்டாம் பாதியில் எந்த எண்ணும் இல்லை. பகலில் விலை 301, 300.50, 300 என்று படிப்படியாக இறங்கினால் இரண்டு பாதிக்கும் இடையே சில சதம்தான் வித்தியாசம். அதனால் பல வருடம் பயன்படுத்துபவருக்கும் அந்தப் பிளவு கண்ணில் படாது.

அன்றிரவு படிகள் இருக்கவில்லை. சந்தை நேரத்துக்குப் பின்னும் கொஞ்சம் வியாபாரம் நடக்கும், ஆனால் பெரும்பாலான தரகர்களிடம் சாதாரண ஸ்டொப் கட்டளை அந்த நேரத்தில் உறங்கும். காலையில் நாஸ்டாக் சந்தை இரவில் சேர்ந்த வாங்கல், விற்றல் கட்டளைகளை ஒன்றாக வைத்து, எந்த விலையில் மிக அதிகமான பங்குகள் கைமாறுமோ அந்த விலையில் திறக்கிறது. அன்று அது 244.65. விற்க நின்றவர்கள் எல்லோருமே செய்தியைப் படித்தவர்கள். வாங்க வந்தவர்களும் படித்தவர்களே. அவர்களில் ஒருவர்கூட 300 தர ஆயத்தமாக இல்லை. அண்ணையின் கட்டளை கண் விழித்தபோது நிபந்தனை ஏற்கெனவே நிறைவேறியிருந்தது, 244.65 என்பது 300க்குக் கீழேதானே. அது தன் வேலையைச் செய்தது. முதல் வந்த ஆளுக்கு விற்றது.

"மிச்சக் காசை ஒருத்தரும் எடுக்கேல்லை அண்ணை. அண்டைக்கு முந்நூறுக்கு வாங்க ஒருத்தரும் வரேல்லை" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, விலைக்கு எல்லை போடுகிற கட்டளையும் இருக்கிறதாமே, அதைப் போட்டிருந்தால் என்ன என்று கேட்டார். மருமகன் சொல்லியிருக்கிறார்.

இருக்கிறது. ஸ்டொப் லிமிற் என்பார்கள். "300ஐத் தொட்டால் விற்கத் தொடங்கு, ஆனால் 295க்குக் கீழே விற்காதே" என்று சொல்லலாம். அது விலையைக் காப்பாற்றும், விற்பனையைக் காப்பாற்றாது. அன்று அப்படிப் போட்டிருந்தால் 295 தர ஆளில்லாமல் பங்குகள் அவர் கையிலேயே இருந்திருக்கும். அதே ஆண்டு நவம்பரில் விலை 90 டொலருக்கும் கீழே போனது. பின்னர் வந்த வருடங்களில் பங்கு மீண்டு ஏறியது உண்மைதான், ஆனால் மார்ச் மாதம் முற்பணம் கட்ட வேண்டியவருக்கு அதனால் என்ன பயன்? ஒன்றில் விற்பனை உறுதி, விலை உறுதியில்லை. மற்றதில் விலை உறுதி, விற்பனை உறுதியில்லை. இரண்டையும் சேர்த்துத் தரும் இலவசக் கட்டளை எந்தத் தரகரிடமும் இல்லை.

இலவசமாக இல்லை என்றுதான் சொல்கிறேன். காசு கொடுத்தால் உண்டு. 300 டொலருக்கு விற்கும் உரிமையை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம், அதற்குப் புட் ஒப்ஷன் என்று பெயர். பிரித்தானியாவில் விலை ஏற்ற இறக்கத்தில் பந்தயம் கட்டும் கணக்குகளில் கட்டணத்துக்கு உத்தரவாத ஸ்டொப் தரும் நிறுவனங்களும் உண்டு. இரண்டிலும் நடப்பது ஒன்றே: விலை தாவினால் அந்தத் தாவலின் நட்டத்தை இன்னொருவர் ஏற்றுக்கொள்கிறார், அதற்குக் கூலி வாங்குகிறார். கணக்கு வெளிவரும் நாளுக்கு முன் அந்தக் கூலி ஏறிவிடும். அந்த ஏற்றத்தைப் பார்த்தாலே அன்றிரவு எவ்வளவு பெரிய தாவலைச் சந்தை எதிர்பார்க்கிறது என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

இது இரவுக்கு மட்டும் உரியதல்ல. 2015 ஜனவரி 15ஆம் திகதி, சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 பிராங் என்று மூன்று வருடங்களுக்கு மேலாகக் காத்துவந்த எல்லையைக் கைவிட்டது. சூரிச்சில் அப்போது காலை பத்தரை மணி, சந்தை முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. 1.20க்குச் சற்றுக் கீழே ஸ்டொப் போட்டிருந்தவர்களில் பலருக்கு அதற்கு வெகு கீழேதான் விலை கிடைத்தது. கடனில் வியாபாரம் செய்தவர்கள் போட்ட காசு போக, மேலும் தரவேண்டியவர்கள் ஆனார்கள். பட்டப்பகலிலும் வாங்குபவர்கள் ஒரே நேரத்தில் விலகி நின்றால் அது இரவுதான்.

அப்படியென்றால் சாதாரண ஆள் என்ன செய்வது? தன் கையில் உண்மையில் இருக்கும் ஒரே அளவுகோலை, எத்தனை பங்கு என்பதை, வைத்துக் கணக்குப் பார்க்கலாம். ஒருவர் 2,000 டொலருக்கு மேல் இழக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். பங்கு 320, ஸ்டொப் 300. இடைவெளி 20, ஆகவே 100 பங்கு வைத்திருக்கலாம் என்று கணக்குச் சொல்லும். இது பகல் கணக்கு. இரவுக் கணக்கில் ஸ்டொப்பின் தூரத்தை மறந்துவிட்டு, இந்தப் பங்கு ஒரே இரவில் எவ்வளவு தாவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதே கம்பனி 2018 ஜூலையில் 217.50இல் மூடி மறுநாள் 174.89இல் திறந்தது, ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 25 வீதம் என்று வைத்தால் இடைவெளி 80 டொலர். 2,000ஐ 80ஆல் பிரித்தால் 25 பங்கு. மீதி 75ஐச் சந்தை திறந்திருக்கும்போதே, ஆட்கள் நிற்கும்போதே விற்க வேண்டும். 25 வீதத்துக்கு மேல் தாவாது என்று யாரும் எழுதித் தரப் போவதில்லை. 2022இல் தாவல் 24 வீதத்தில் நின்றது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கையும் அவருக்குச் சொன்னேன். அவர் கடைக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் நான் பின்னாளில் வந்த அழைப்புகளிலெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

"அந்த முந்நூறு இல்லையெண்டா நான் பின்னேரமே முழுக்க வித்திருப்பன், தம்பி. அது நிக்குது எண்டுதானே விட்டிட்டுப் படுத்தனான்."

ஸ்டொப் லொஸ் அவருக்குச் செய்த கெடுதல் குறைந்த விலைக்கு விற்றது அல்ல. சந்தை 244 கொடுத்தது, கட்டளை அதை வாங்கிக் கொடுத்தது. மார்ச் மாதக் காசை அந்த இரவுக்கு வெளியே எடுத்திருக்க வேண்டிய மனிதரை அது உள்ளேயே இருத்தியது. 320க்கு விற்கும் பொத்தான் அன்று பிற்பகல் முழுக்க அவர் திரையில் இருந்தது, வாங்க ஆட்களும் நின்றார்கள்.

எங்கள் நிறுவனத்தின் திரையில் அந்தக் கட்டளைக்குக் கீழே, விலைக்கு உத்தரவாதம் இல்லை என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. அதைத் தமிழில் பெயர்த்துச் சொல்லக் கேட்டவர்களிடம் நான் இரண்டு கேள்விகளாகச் சொல்லிவந்தேன்: இந்தக் காசு எந்தத் திகதிக்கு வேண்டும்? அதற்கு முன் இந்தக் கம்பனி எந்த இரவில் பேசப் போகிறது?