தலையாட்டிப் பொம்மையை எங்கே விற்பது?

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் புன்னைநல்லூர் மாரியம்மன் கோவில் வருகிறது. அந்தப் பக்கத்தில் தலையாட்டிப் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. 2008-09ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்ற பொம்மை இது. அதை இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்த ஒரு வீட்டைப் பார்க்கத்தான் போனேன். பொம்மை செய்பவர் மாமனார். விற்பனையைக் கவனிப்பவர் மருமகள், பி.காம் படித்தவர்.

திண்ணையில் நடன மாது பொம்மையின் பாகங்கள் காய்ந்துகொண்டிருந்தன. மரவள்ளிக்கிழங்கு மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசையைக் காகிதத்தில் தடவி, இரண்டு பாதியாக உள்ள அச்சில் அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். மயில்துத்தம் பூச்சி அரிக்காமல் காக்கும். காய்ந்ததும் இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டி, தேய்த்து, வெள்ளைப் பூச்சு கொடுத்து, வண்ணம் தீட்டுகிறார்கள். பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனிப் பாகங்கள். ஒன்றின் கம்பிமுனையில் இன்னொன்று உட்காருவதால்தான் லேசாகத் தொட்டாலும் பொம்மை ஆடுகிறது.

"வெயில நம்பித்தான் தம்பி பொழப்பு. ஐப்பசி மழை பிடிச்சிக்கிட்டா காகிதம் காயாது. ஈரத்தோட வண்ணம் அடிச்சா ஒரு மாசத்துல உரிஞ்சி வந்துரும்" என்றார் பெரியவர்.

பெரிய விற்பனைத் தளத்தில் சேர்வதா, சொந்த இணையதளம் தொடங்குவதா என்ற கேள்வி வந்தபோது, மருமகள் முதலில் கமிஷன் விகிதங்களைத்தான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு அளவுநாடாவை எடுத்துப் பொம்மை போகும் பெட்டியை அளந்திருக்கிறார். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவார்கள். பொம்மையைப் பூட்டியபடி அனுப்ப 25க்கு 25க்கு 40 பெட்டி வேண்டும். கணக்குப்படி அது 5 கிலோ. உண்மையில் பொம்மை ஒரு கிலோகூட இருக்காது. பாகங்களைக் கழற்றி, தலையையும் உடலையும் பாவாடைக் கூட்டுக்குள் பஞ்சு சுற்றி வைத்தால் 25க்கு 25க்கு 20 போதும். எடை இரண்டரைக் கிலோவாகக் குறைகிறது. ஆனால் வாங்குபவருக்குப் பூட்டத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், உடைந்த பொம்மை வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருடைய நோட்டுப்புத்தகத்தில் ஒரு கணக்கு இருந்தது. விகிதங்கள் தளத்துக்குத் தளம் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. பொம்மை விலை 900 ரூபாய். கமிஷன் 12 சதவீதம் என்றால் 108. ஆர்டருக்கு ஒரு நிலையான கட்டணம் 30. அனுப்பும் செலவு 130. இந்த 268க்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி 48. மீதி கைக்கு வருவது 584. சொந்தத் தளத்தில் அதே கூரியர் வரியோடு 153, பணம் பெற்றுத்தரும் நிறுவனத்துக்குச் சுமார் 2 சதவீதமும் அதன் வரியுமாக 21. கைக்கு வருவது 726.

சொந்தத் தளமே லாபம் என்று இதைப் பார்த்ததும் தோன்றும். ஆனால் யாரும் வராத தளத்தில் 726 என்பது காகிதத்தில்தான் இருக்கும். புதிய தளத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒருவர் முன்பணம் கட்டத் தயங்குவார். "தஞ்சாவூர் பொம்மை" என்று தேடுபவர்கள் ஏற்கெனவே பெரிய தளத்தில்தான் இருக்கிறார்கள். முதல் வாடிக்கையாளரைக் கொண்டுவந்து கொடுப்பதற்கான கூலிதான் அந்த 142 ரூபாய் வித்தியாசம்.

அங்கே உண்மையான இடி ரிட்டர்னில் இருக்கிறது. பொருளும் உழைப்புமாக ஒரு பொம்மைக்கு 400 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், பெரிய தளத்தில் ஒன்றுக்கு லாபம் 184. ஒரு பொம்மை உடைந்து திரும்பினால் 400ம் போகிறது. போன செலவும் வந்த செலவும் விற்பவர் தலையில் விழுந்தால் இன்னொரு 306. ஒரு உடைசல் ஏறத்தாழ நான்கு பொம்மைகளின் லாபத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் அவர் பெட்டிக்குள் பூட்டும் முறையைப் படம் போட்டு வைக்கிறார். கட்டும்போதே வீடியோ எடுத்துக்கொள்கிறார். கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டு, பிரித்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பொம்மையைத் தளத்தில் ஏற்றுகிறார்.

சட்டப் பக்கமும் இரண்டு வழிக்கும் வேறுவேறு. பொம்மையை 'விளையாட்டுப் பொருள்' பிரிவில் பதிவு செய்தால் தளம் ஐஎஸ்ஐ முத்திரை கேட்கும். 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருளுக்கு அது கட்டாயம். மத்திய கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும், புவிசார் குறியீட்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்கள் செய்வதற்கும் விலக்கு உண்டு. பெரியவரின் கைவினைஞர் அடையாள அட்டை பெட்டியில் சும்மா கிடந்திருக்கிறது. மருமகள் அதைத்தான் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்.

அடுத்தது ஜிஎஸ்டி. பதிவு இல்லாத சிறு விற்பனையாளர் பெரிய தளம் வழியாக விற்க 2023 அக்டோபர் முதல் வழி உண்டு. பான் எண்ணைக் கொண்டு ஒரு சேர்க்கை எண் பெற வேண்டும், தன் மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். பெங்களூருக்கு அனுப்பினால் பதிவு கட்டாயமாகிவிடும். சொந்தத் தளத்தில் நேரடியாக விற்றால் கைவினைப் பொருட்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. சலுகைக்கான பொருட்களின் பட்டியலில் பொம்மைகளும் உண்டு. மொத்த விற்பனை ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவில்லாமலே வெளிமாநிலத்துக்கும் அனுப்பலாம். பான் எண்ணும், சரக்கோடு இ-வே பில்லும் வேண்டும். வெளியூர்த் தமிழர்களை நம்பும் தொழிலுக்கு இந்த வேறுபாடு கமிஷனைவிடப் பெரியது.

இன்னொன்றையும் அந்த வீட்டில்தான் புரிந்துகொண்டேன். கொலு வைக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் புதுப் பொம்மை ஒன்றாவது சேர்ப்பது வழக்கம். போன வருடம் நடன மாது வாங்கியவர் இந்த வருடம் ராஜா ராணி கேட்பார். பெரிய தளத்தில் வாங்கியவரின் கைபேசி எண் விற்பவருக்குக் கிடைப்பதில்லை, பெட்டிக்குள் சொந்த விளம்பரச் சீட்டு வைப்பதையும் தளங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அடுத்த ஆண்டு அதே வீட்டை அடைய மறுபடியும் கமிஷன் கட்ட வேண்டும். சொந்தத் தளத்தில் வாங்கியவருக்கு ஆடி மாதமே, "மாமி, இந்த வருஷம் புதுசா வந்திருக்கு" என்று செய்தி அனுப்பலாம்.

காலமும் சேர்ந்துகொள்கிறது. பெரிய தளத்தில் ஆர்டர் வந்த ஓரிரு நாளில் அனுப்பியாக வேண்டும், தாமதித்தால் விற்பவரின் மதிப்பெண் குறையும். அளவு சொல்லிச் செய்யச் சொல்லும் பொம்மைக்கு வெயில் பார்த்துப் பல நாள் ஆகும். சொந்தத் தளத்தில் "இருபது நாளில் அனுப்புகிறோம்" என்று எழுதி ஆர்டர் வாங்கலாம்.

எனவே அவர்கள் இரண்டையும் பொம்மையை வைத்தே பிரித்துக்கொண்டார்கள். கோடையில் செய்து அலமாரியில் அடுக்கிய, சிறிய பெட்டியில் அடங்கும், விழுந்தாலும் தாங்கும் பொம்மைகள் பெரிய தளத்துக்கு. அங்கேயும் நான்கைந்து வகைதான். பெரிய உருவங்களும், சொல்லிச் செய்பவையும், கொலு வீடுகளின் ஆர்டர்களும் சொந்தத் தளத்துக்கு. அந்தத் தளத்தையும் முதல் நாளே கட்டவில்லை. வீட்டுக்கு நேரில் வந்து வாங்கியவர்களின் கைபேசி எண்களால் நோட்டுப்புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைந்த பிறகுதான் தொடங்கினார்கள்.

புதிதாகத் தொடங்கும் கைவினைஞர் யார் கேட்டாலும் நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் பொருளின் பெட்டியை அளந்து, ஒரு முறை கீழே போட்டுப் பாருங்கள். செய்து முடிக்க எத்தனை நாள் ஆகிறது என்று எழுதுங்கள். வாங்கியவர் மறுபடி வருவாரா என்று யோசியுங்கள். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் எந்த வழி என்பது தெரிந்துவிடும். கமிஷன் விகிதத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.