எந்த வினாவிலே இழந்தார்கள்?

தவணைப் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு மொத்தப் புள்ளியை எழுதி, அதன்படி வரிசைப்படுத்திவிடுவது நம் பாடசாலைகளின் வழக்கம். இவ்வரிசை யார் பின்தங்கினார் என்று சொல்லும். எங்கே பின்தங்கினார் என்று சொல்லாது. இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் பொதுப் பரீட்சைகளுக்கு வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் வினாவுக்கு வினா மாணவர் அடைவைத் தனித்தனியே ஆராய்கிறது. அதே ஆராய்ச்சியை ஒரு வகுப்பறையின் அளவிலும் செய்யலாம்.

மாவடிப்பள்ளியில் நான் கற்பிக்கும் தரம் 10 மாணவர் 30 பேரின் தமிழ் விடைத்தாள்களை இவ்வாறு பிரித்துப் பார்த்தேன். வினாக்கள் ஐந்து, அனைத்தும் கட்டாயமானவை. சிறுவினாக்களுக்கு 20 புள்ளியில் சராசரி 15. இலக்கணத்திற்கு 10இல் 4. சுருக்கி எழுதுதலுக்கு 20இல் 9. கட்டுரைக்கு 30இல் 18. செய்யுளுக்கு 20இல் 14. வகுப்பின் மொத்தச் சராசரி 60.

இவற்றுள் மாணவரை மிகவும் வீழ்த்தியது எது? சராசரியை முழுப் புள்ளியால் வகுத்தால் இலக்கணமே மிகத் தாழ்ந்தது, நூற்றுக்கு 40தான். ஆனால் அதில் இழந்தது 6 புள்ளி மட்டுமே. முழுப் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்துப் பார்த்தால் கட்டுரை 12, சுருக்கம் 11 என முன்னே வந்து நிற்கின்றன. வீதம் வினாவின் கடினத்தைக் காட்டுகிறது. கழித்து வரும் தொகை இழப்பின் அளவைக் காட்டுகிறது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கட்டுரையில் ஏறக்குறைய எல்லோரும் 15க்கும் 21க்கும் இடையில் நின்றார்கள். அது வகுப்பு முழுவதும் பங்கிட்டுக்கொண்ட இழப்பு. ஆண்டு முழுவதும் எழுதிப் பழகித்தான் அதைக் குறைக்க முடியும். சுருக்கத்தின் கதை வேறு. அங்கே 9 என்ற சராசரிக்கு அருகில் ஒரு மாணவன்கூட இல்லை. 18 பேர் எழுதினார்கள். அவர்களின் சராசரி 15. மற்றைய 12 பேர் அவ்வினாவைத் தொடவேயில்லை. பதினைந்தையும் வெறுமையையும் கலந்த கலவையே அந்த ஒன்பது!

ஆதலால் புள்ளிகளைப் பதியும்போதே, பிழையாக எழுதியவனுக்குப் பூச்சியமும் எழுதாதவனுக்குச் சிறு கோடும் இடவேண்டும். கணினியில் கணக்கிடுவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். AVERAGE என்ற கட்டளை வெற்றுக் கட்டத்தையும் கோடிட்ட கட்டத்தையும் விட்டுவிட்டு, எழுதியவர்களின் சராசரியாகிய 15ஐயே தரும். மொத்தத்தை 30ஆல் வகுத்தால்தான் 9 வரும். இரண்டு விடைகளும் உண்மையே. அவற்றின் இடைவெளிதான் நமக்கு வேண்டிய செய்தி.

எழுதாமைக்குக் காரணம் நேரமின்மையா, அறியாமையா? இதற்கும் விடைத்தாளிலேயே சான்று உண்டு. நேரம் போதாதவனின் தாள் இறுதியில் வெறுமையாகும். இந்தப் பன்னிருவரோ மூன்றாம் வினாவை மட்டும் விட்டுவிட்டு, நான்காவதையும் ஐந்தாவதையும் நிறைவாக எழுதியிருந்தார்கள். எனவே நேரம் காரணமன்று. வரவுப் பதிவேட்டைப் புரட்டினேன். சுருக்கம் கற்பிக்கப்பட்ட இரண்டு வாரங்களும் மாரி வெள்ளம் வீதியை மூடியிருந்த நாட்கள். பன்னிருவருள் பத்துப்பேர் அந்நாட்களில் வகுப்பிற்கு வரவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் வயலோரத்துக் குடிசைகளிலிருந்து வருகின்ற, கூலி உழைப்பாளர்களின் பிள்ளைகள்.

இங்கேதான் ஓர் அநீதி நிகழவிருந்தது. மொத்தப் புள்ளிப் பட்டியலில் இப்பன்னிருவரின் சராசரி 50. ஏனையோரின் சராசரி ஏறத்தாழ 67. இந்த வேறுபாட்டைக் கொண்டு இவர்களை ‘மெல்லக் கற்போர்’ என்று வேறாக்கி அமர்த்தவேண்டும் என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழுந்தது. சுருக்கத்தை நீக்கிவிட்டு மற்றைய 80 புள்ளிகளை மட்டும் கணக்கிட்டேன். இவர்களுக்கு 50, ஏனையோருக்கு ஏறத்தாழ 52. இரண்டே புள்ளி வேறுபாடு! மந்தமென்று சொல்லப்பட்டது மூளையின் மந்தமன்று. வெள்ளம் பறித்துக்கொண்ட இரண்டு வாரப் பாடம்.

அவர்களுக்கு நான்கு பாடவேளைகளில் சுருக்கத்தை முதலிலிருந்து கற்பித்து, வேறொரு பத்தியைக் கொடுத்தேன். ஒன்பது பேர் 20இல் 12க்கு மேற் பெற்றார்கள். வரவு குறையாத இருவரும் அப்போதும் தடுமாறினார்கள். நீண்ட பத்தியை வாசித்து விளங்குவதே அவர்களுக்குச் சிரமமாயிருந்தது. அவர்களுக்கு வேண்டியது வேறு உதவி.

இம்முறைக்கும் எல்லையுண்டு. முப்பது பேர் கொண்ட வகுப்பில் நான்கைந்து தாள்களே ஒரு சராசரியை அசைத்துவிடும். விரும்பியதைத் தெரிவு செய்யும் வினாக்களில் எத்தனை பேர் தெரிந்தெடுத்தனர் என்பதையும் சேர்த்துக் காணாவிடின், வல்லவர் சிலர் மட்டும் எழுதிய கடின வினா எளியதாகத் தோன்றும். சராசரி காரணத்தைச் சொல்வதில்லை. எந்தத் தாளை மறுபடியும் கையிலெடுக்கவேண்டும் என்பதையே சொல்கிறது. அதன் பிறகு தாளை வாசிப்பதும், வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று விசாரிப்பதும் ஆசிரியனின் கடமை.